முதலைக்கு யார் நெருங்கிய சொந்தம்?

பல்லி, முதலை, கோழி. இந்த மூன்றில் எந்த இரண்டு நெருங்கிய சொந்தம் என்று கேட்டால் பெரும்பாலோர் யோசிக்கவே மாட்டார்கள். பல்லியும் முதலையும்தான் என்பார்கள். இரண்டுக்கும் செதில் இருக்கிறது, நீண்ட வால் இருக்கிறது, இரண்டும் வயிறு தரையில் உரச ஊர்கின்றன. கோழிக்கோ இறகும் அலகும் இரண்டே கால்களும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

ஆனால் உயிரியலாளர்கள் முதலையையும் கோழியையும் ஒரு ஜோடியாக வைக்கிறார்கள். பல்லி அந்த ஜோடிக்கு வெளியே, கொஞ்சம் தள்ளி நிற்கிறது. இன்று உயிரோடு இருக்கும் விலங்குகளில் முதலை இனத்துக்கு மிக நெருங்கிய உறவு பறவைகள்தான். பல்லி, பாம்பு, ஆமை எதற்கும் அந்த இடம் கிடையாது.

இந்தப் பதில் கண்ணால் பார்த்துச் சொன்னதல்ல; பரிணாம மரம் என்ற படத்திலிருந்து வாசித்துச் சொல்வது. பள்ளிப் பாடநூலிலும் அருங்காட்சியகச் சுவரிலும் எல்லோரும் பார்த்திருக்கும் படம்தான். சார்லஸ் டார்வின் 1837-இல் தன் குறிப்பேட்டில் இப்படி ஒரு மரத்தைக் கிறுக்கி வைத்திருந்தார். 1859-இல் வெளிவந்த அவருடைய ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் முதல் பதிப்பில் இருந்த ஒரே படமும் ஒரு கிளைமரம்தான். பார்க்க எளிமையாக இருப்பதாலேயே இந்தப் படத்தைத் தவறாக வாசிப்பதும் எளிது.

முதலில், நெருக்கம் என்றால் என்ன என்பதைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். உங்கள் முகமும் பெரியப்பா மகன் முகமும் அச்சில் வார்த்ததுபோல இருக்கலாம். கூடப்பிறந்த தங்கையோ உங்களைப் போலவே இல்லாமல் இருக்கலாம். அதற்காகத் தங்கையைவிடப் பெரியப்பா மகன் நெருங்கிய இரத்த உறவு ஆகிவிடுவாரா? தங்கையோடு உங்களுக்குப் பொதுவானவர்கள் அப்பா அம்மா. பெரியப்பா மகனோடு பொதுவானவர்களைத் தேட ஒரு தலைமுறை மேலே ஏறித் தாத்தா பாட்டியிடம் போக வேண்டும். உயிரினங்களுக்கும் இதே கணக்குதான். எந்த இரண்டுக்குப் பொது மூதாதை மிக அண்மைக் காலத்தில் வாழ்ந்ததோ, அந்த இரண்டும் நெருங்கிய உறவு. உருவ ஒற்றுமைக்கு இந்தக் கணக்கில் நேரடியாக இடமில்லை.

இனி மரத்துக்கு வருவோம். படம் வரைவதற்குப் பதிலாக, கணினி நிரல்கள் மரத்தை எழுதிக்கொள்ளும் முறையிலேயே அதைத் தருகிறேன். அடைப்புக்குறிகளும் காற்புள்ளிகளும் மட்டுமே உள்ள இந்த முறைக்கு ‘நியூவிக்’ என்று பெயர். 1986-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கூடிய சில விஞ்ஞானிகள், கடல் உணவுக்குப் பேர்போன நியூவிக்ஸ் என்ற உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டே இதை இறுதி செய்தார்கள். உணவகத்தின் பெயரே முறைக்கும் நிலைத்துவிட்டது. தவளையையும் மனிதனையும் சேர்த்துக்கொண்டால் நம் மரம் இப்படி இருக்கும்:

```
(தவளை,(மனிதன்,(பல்லி,(முதலை,கோழி))));
```

ஒவ்வொரு பெயரும் ஒரு கிளையின் நுனி. ஒவ்வொரு ஜோடி அடைப்புக்குறியும் ஒரு கணு, அதாவது கிளை இரண்டாகப் பிரிந்த இடம். அந்தக் கணுவில் நிற்பதுதான் பொது மூதாதை. எல்லாவற்றையும் வளைத்து நிற்கும் வெளி அடைப்பு வேர். வேர் பக்கம் போகப் போகக் காலம் பழையது, நுனி பக்கம் வர வர அண்மையது. படமாக வரைந்தால் வேரை இடப்பக்கம் வைக்கலாம், கீழே வைக்கலாம், வட்டத்தின் நடுவிலும் வைக்கலாம். ஆகையால் எந்த மரத்தைப் பார்த்தாலும் வேர் எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

இரண்டு உயிரினங்களின் பொது மூதாதையைக் கண்டுபிடிக்க, படத்தில் இரண்டு நுனிகளிலும் ஒவ்வொரு விரலை வைத்து, இரண்டையும் வேர் நோக்கி நகர்த்துங்கள். விரல்கள் முதன்முதலில் சந்திக்கும் கணுதான் நீங்கள் தேடுவது. அடைப்புக்குறியில் இது இன்னும் சுலபம். இரண்டு பெயர்களையும் உள்ளடக்கும் மிகச் சிறிய அடைப்பு எது என்று பார்த்தால் போதும். முதலைக்கும் கோழிக்கும் அது உள்ளே இருக்கும் கடைசி அடைப்பு. முதலைக்கும் பல்லிக்கும் அதற்கு ஒரு படி வெளியே இருப்பது. முதலையும் கோழியும் பிரிந்தது ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இவற்றின் வழியும் பல்லியின் வழியும் பிரிந்தது ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. 25 கோடியே நமக்குக் கற்பனைக்கு எட்டாத பழமைதான். ஆனாலும் 28 கோடியோடு பார்த்தால் அது அண்மை. கேள்விக்கு விடை அந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

இதே மரத்தில் இன்னொன்றைக் கேட்டுப் பாருங்கள். தவளைக்கு நெருக்கம் யார், பல்லியா, மனிதனா? பல்லி என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கும். தவளையையும் பல்லியையும் அடக்கும் மிகச் சிறிய அடைப்பைத் தேடினால் வேர் வரை போக வேண்டியிருக்கிறது. தவளையும் மனிதனும் சந்திப்பதும் அதே வேரில்தான். ஆக இரண்டும் சமம். பல்லியும் முதலையும் கோழியும் நாமும் தவளைக்கு ஒரே தூரத்துச் சொந்தம்.

தவறாக வாசிப்பதில் மிகப் பரவலானது, பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருப்பவை நெருக்கம் என்று எடுத்துக்கொள்வது. மேலே தந்த வரியில் பல்லிக்கு அடுத்து முதலை வருகிறது. அதைப் பார்த்ததும் ‘பல்லி, முதலை ஜோடி’ என்ற பழைய நினைப்பு உறுதிப்பட்டுவிடும். இப்போது இந்த வரியைப் பாருங்கள்:

```
(((பல்லி,(கோழி,முதலை)),மனிதன்),தவளை);
```

இங்கே முதலைக்குப் பக்கத்தில் மனிதன் நிற்கிறான், பல்லிக்குப் பக்கத்தில் கோழி வந்துவிட்டது. ஆனால் இது முன்பு பார்த்த அதே மரம். எந்த அடைப்புக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள், ஒன்றுகூட மாறியிருக்காது. ஒவ்வொரு கணுவும் இப்படித் தன்னிடத்தில் சுழலக்கூடியது. இடப்பக்கக் கிளையை வலப்பக்கம் திருப்பினாலும் உறவு மாறாது. நுனிகளின் வரிசைக்கு அர்த்தம் கிடையாது என்பதை மனத்தில் போட்டுக்கொண்டாலே பாதித் தவறுகள் ஒழிந்துவிடும். 2005-இல் டேவிட் பாம் என்ற தாவரவியலாளரும் இரண்டு சகாக்களும் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய ஒரு கட்டுரை இந்த இடத்தில்தான் கையை வைத்தது. தவளைக்கு நெருக்கம் மீனா மனிதனா என்று ஒரு மரத்தைக் காட்டிக் கேட்டுவிட்டு, அதே மரத்தைச் சுழற்றி வரைந்து காட்டி, இப்போது உங்கள் பதில் மாறுகிறதா என்று கேட்டார்கள். மீன் வேரிலேயே பிரிந்துவிட்டது என்பதால் விடை மனிதன்தான், எப்படி வரைந்தாலும்.

நுனிகளின் வரிசையை நம்புவதால் வரும் இன்னொரு விபரீதமும் உண்டு. தவளையில் தொடங்கி மனிதனில் முடியும்படி வரைந்த மரங்களைப் பார்த்துப் பழகிவிட்டதால், அதை ஏணிபோல வாசித்து, தவளை பல்லியாகி, பல்லி குரங்காகி, கடைசியில் மனிதன் வந்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். நம் மரத்தின் கடைசி நுனியில் கோழி நிற்கிறது. கோழியை நோக்கித்தான் பரிணாமம் இத்தனை கோடி ஆண்டுகள் நடந்தது என்று யாராவது சொல்வார்களா? நுனியில் இருக்கும் எல்லாமே இன்று வாழ்பவை, எல்லாவற்றுக்கும் ஒரே வயது. மூதாதை கணுவில் இருக்கிறது. முதலைக்கும் கோழிக்கும் பொதுவான அந்த விலங்கு முதலையும் இல்லை, கோழியும் இல்லை. அது இன்று எங்கும் இல்லை.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களே சறுக்கும் இடம் கணுக்களை எண்ணுவது. தவளையிலிருந்து மனிதனுக்குப் போக வழியில் இரண்டு கணுக்கள். தவளையிலிருந்து கோழிக்குப் போக நான்கு. ஆகவே தவளைக்கு மனிதன்தான் கிட்டத்து உறவு என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். கணக்கு ஒழுங்காகத் தோன்றுகிறது, ஆனால் அது மரத்தை வரைந்தவர் யாரை எல்லாம் சேர்த்தார் என்பதைத்தான் அளக்கிறது. கோழியோடு வாத்தையும் மயிலையும் சேர்த்து வரைந்தால் கோழியின் வழியில் கணுக்கள் கூடும். வாத்தைப் படத்தில் சேர்த்ததால் கோழியும் தவளையும் இன்னும் தூரமாகிவிடுமா என்ன? எண்ண வேண்டியது வழியில் எத்தனை கணு என்பதை அல்ல. எந்தக் கணுவில் சந்திக்கிறார்கள் என்பதை மட்டும் பார்க்க வேண்டும்.

சரி, இந்த மரத்தை இப்படித்தான் வரைய வேண்டும் என்று யார் முடிவு செய்தது? செதிலும் வாலும் கண்முன்னே இருக்க, பல்லியை வெளியே தள்ளியது எதை நம்பி?

இதற்கு வழி காட்டியவர் வில்லி ஹென்னிக் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர். 1950-இல் வெளிவந்த அவருடைய நூலின் மையக் கருத்து எளிமையானது: எல்லா ஒற்றுமைகளும் சாட்சியாகாது. பழைய மூதாதையிடமிருந்து எல்லோருக்கும் வந்த அம்சம், அந்தக் குழுவுக்குள் யார் யாருக்கு நெருக்கம் என்று சொல்லாது. புதிதாகத் தோன்றி, சிலர் மட்டும் பகிர்ந்துகொள்ளும் அம்சம்தான் சொல்லும். பல்லி, முதலை, கோழி மூன்றுக்கும் பொதுவான மூதாதைக்கே செதில் இருந்தது, நான்கு காலும் வாலும் இருந்தன. பல்லியும் முதலையும் அந்தப் பழைய உடுப்பைக் கிட்டத்தட்ட அப்படியே வைத்துக்கொண்டன. பறவைகளின் வழி மட்டும் வெகுவாக மாறிப்போயிற்று. மாறாமல் இருந்தவர்கள் இருவரும் ஒரே மாதிரி தெரிகிறார்கள், அவ்வளவுதான். கோழியின் காலைப் பார்த்தால் அங்கே இன்னும் செதில் இருக்கிறது.

புதிய அம்சங்களைத் தேடினால் முதலையும் கோழியும் ஒன்று சேர்கின்றன. இரண்டின் பழைய மூதாதைகளின் மண்டையோட்டிலும் மூக்குத் துளைக்கும் கண்குழிக்கும் நடுவே கூடுதலாக ஒரு துவாரம் உண்டு. பறவைகளில் இன்றும் இருக்கிறது. இன்றைய முதலைகளில் அது அடைபட்டுவிட்டது என்றாலும் அவற்றின் பழைய உறவினர்களின் புதைபடிவங்களில் தெளிவாகத் தெரிகிறது. இரண்டின் வயிற்றிலும் விழுங்கிய கற்களை வைத்து இரையை அரைக்கும் தசைப்பை இருக்கிறது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணைக்குப் போனால் நம் சதுப்புநில முதலைகளைப் பார்க்கலாம். பொரியும் தறுவாயில் குட்டிகள் முட்டைக்குள்ளிருந்தே குரல் கொடுக்கும். அந்தக் குரல் கேட்டுத் தாய் மண்ணைத் தோண்டி, குட்டிகளை வாயில் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோகும். அடைகாத்த கோழியின் முட்டைக்குள்ளிருந்து குஞ்சு கத்துவதைக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஆனால் ஒரே ஒரு அம்சத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் ஏமாந்துபோவோம். இதயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலைக்கு நான்கு அறைகள், கோழிக்கும் நான்கு. பல்லிக்கு மூன்றுதான், கீழறை முழுதாகப் பிரியவில்லை. முதலை, கோழி ஜோடிக்கு நல்ல சாட்சி என்று தோன்றும். ஆனால் நமக்கும் நான்கு அறை ஆயிற்றே! இதயத்தை மட்டும் நம்பினால் மனிதனையும் அந்த அடைப்புக்குள் கொண்டுவந்து பல்லியை வெளியே தள்ள வேண்டியிருக்கும். மற்ற எல்லாச் சாட்சிகளும் மனிதனை வெளியே நிறுத்துகின்றன. நான்கு அறை இதயம் இரண்டு முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்பதுதான் முடிவு. கூர்ந்து பார்த்தால் அதற்குத் தடயமும் கிடைக்கிறது. உடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனி நமக்கு இடப்பக்கம் வளைகிறது, கோழிக்கு வலப்பக்கம். ஒரே இடத்துக்கு இரண்டு பேர் வெவ்வேறு வழியில் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

நுரையீரலின் கதை இன்னும் சுவையானது. பறவைகளின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுகிறது, நம்முடையதுபோல உள்ளே போன வழியே திரும்புவதில்லை. பறப்பதற்காக வந்த ஏற்பாடு என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2010-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காலீன் ஃபார்மரும் கென்ட் சாண்டர்ஸும் அலிகேட்டர் முதலையின் நுரையீரலிலும் காற்று அப்படித்தான் ஓடுகிறது என்று காட்டினார்கள். முதலை, கோழி அடைப்புக்கு இன்னொரு முத்திரை கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்ட கொஞ்ச காலத்தில், 2013-இல், அதே ஆய்வுக்கூடம் உடும்பு இனத்திலும் அதே ஓட்டத்தைக் கண்டது. அப்படியானால் அந்த அம்சம் ஒரு படி வெளியே உள்ள கணுவுக்கே உரியதாக இருக்கலாம், அல்லது இருமுறை தோன்றியிருக்கலாம். முத்திரை என்று நினைத்தது இப்போது செதிலைப் போலப் பழைய சொத்தாகிவிடும் நிலை. இதனால் மரம் சாய்ந்துவிடவில்லை, ஏனென்றால் அது அந்த ஒரு தூணின்மேல் நிற்கவில்லை. 2014-இல் அலிகேட்டர், உவர்நீர் முதலை, நம் நாட்டு கரியால் ஆகியவற்றின் மரபணுத் தொகுதிகளைப் பறவைகளோடு ஒப்பிட்டுப் பெரிய ஆய்வு வெளிவந்தது. டி.என்.ஏ.வும் முதலையையும் பறவையையும் ஒரே அடைப்பில்தான் வைக்கிறது.

டி.என்.ஏ. வந்துவிட்டால் எழுத்து வித்தியாசத்தை எண்ணினாலே போதாதா என்று கேட்கலாம். போதாது. அந்த 2014 ஆய்வே முதலைகளின் டி.என்.ஏ. மிக மெதுவாக மாறுகிறது என்று காட்டியது. பறவைகளுடையது அதைவிட வேகமாக மாறியிருக்கிறது. மெதுவாக மாறும் இரண்டு உயிரினங்களை வெறும் எண்ணிக்கையில் ஒப்பிட்டால், நெருங்கிய உறவு இல்லாவிட்டாலும் அவை ஒன்றுபோலத் தெரியும். செதிலில் ஏமாந்த அதே ஏமாற்றம் இங்கே எழுத்து வடிவில் வருகிறது. அதனால்தான் மரம் வரையும் நிரல்கள் ஒவ்வொரு கிளையும் தன் வேகத்தில் மாறியிருக்கலாம் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுகின்றன. சில மரங்களில் கிளைகளின் நீளம் இந்த மாற்றத்தின் அளவைக் குறிக்கும். அப்படிப்பட்ட படத்தில் கோழியின் கிளை நீளமாக நீட்டிக்கொண்டிருந்தால், அது தூரத்து உறவு என்று பொருளில்லை. அதிகம் மாறியது என்றுதான் பொருள்.

ஆமையை இந்த மரத்தில் எங்கே வைப்பது என்ற வழக்கு நெடுங்காலம் நடந்தது. பல்லிக்கும் முதலைக்கும் கண்ணுக்குப் பின்னால், மண்டையோட்டில் தாடைத் தசைகளுக்கான துவாரங்கள் உண்டு. ஆமைக்கு அவை இல்லை. ஆகவே துவாரம் தோன்றுவதற்கு முன்பே பிரிந்த பழைய குடி என்று ஆமையை மற்ற மூன்றுக்கும் வெளியே வைத்தார்கள். டி.என்.ஏ. ஒப்பீடுகள் வந்தபோது, குறிப்பாக 2012, 2013-இல் வெளியான விரிவான ஆய்வுகளில், ஆமை முதலை, பறவை ஜோடியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது:

```
(பல்லி,(ஆமை,(முதலை,கோழி)));
```

துவாரம் இல்லாதது பழைமையின் அடையாளம் இல்லை, இருந்தது பின்னால் அடைபட்டுப்போனது என்று இப்போது வாசிக்கிறார்கள். இந்த வரியின்படி, கோழிக்குப் பல்லியைவிட ஆமை நெருக்கம். சாட்சி போதாத காலத்தில் நேர்மையாக வரைந்தவர்கள் வேறு மாதிரி எழுதினார்கள்:

```
(பல்லி,ஆமை,(முதலை,கோழி));
```

ஒரே கணுவிலிருந்து மூன்று கிளைகள். மூன்றும் ஒரே நாளில் பிரிந்தன என்று இதை வாசிக்கக் கூடாது. எது முதலில் பிரிந்தது என்று இன்னும் தீரவில்லை என்பதுதான் சேதி. இப்படிப்பட்ட கணுவில் ‘ஆமைக்கு யார் நெருக்கம்’ என்று கேட்டால், மரம் பதில் சொல்ல மறுக்கிறது என்பதே சரியான பதில். தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் மாணவர்கள் எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுவதுதான் வழக்கம்.

ஆய்வுக் கட்டுரைகளில் வரும் மரங்களில் கணுக்களின் அருகே 100, 98, 54 என்று எண்கள் இருக்கும். அவற்றை ஆண்டுகள் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் அவை ஒரு சோதனையின் மதிப்பெண். கையில் இருக்கும் டி.என்.ஏ. தரவிலிருந்தே குலுக்கல் முறையில் எடுத்து, பலமுறை, பொதுவாக 1000 முறை, மரத்தைத் திரும்பத் திரும்ப வரைவார்கள். அந்த அடைப்பு நூற்றுக்கு எத்தனை மரங்களில் தலைகாட்டியது என்பதே அந்த எண். 100 என்றால் தரவு ஒரே குரலில் பேசுகிறது. 54 என்றால் அந்தக் கணுவை நம்பி யாரையும் சொந்தம் என்று அறிவித்துவிடாமல் இருப்பது நல்லது.

எத்தனை உறுதியான மரமும் தன்னில் எழுதப்பட்டவர்களைப் பற்றி மட்டுமே பேசும். கோழிக்கு முதலை நெருக்கம் என்றது இன்று உயிரோடு இருப்பவர்களை வைத்துத்தான். மறைந்தவர்களையும் சேர்த்தால் அடைப்புகள் நடுவே புது அடைப்புகள் முளைக்கும். டைரனோசரஸ் என்ற பூத டைனோசரையும், தோல் இறக்கையால் வானில் பறந்த டெரோசரையும் சேர்த்து எழுதினால் இப்படி வரும்:

```
(பல்லி,(முதலை,(டெரோசர்,(டைரனோசரஸ்,கோழி))));
```

முன்பு சொன்னது எதுவும் பொய்யாகவில்லை. பல்லியைவிட முதலை இன்னமும் கோழிக்கு நெருக்கம்தான். ஆனால் முதலையைவிட நெருக்கமாக இருவர் வந்துவிட்டார்கள். அவர்களுக்குள் யார் முந்தி என்று கேட்டால், இறக்கையைப் பார்த்து டெரோசரைச் சொல்லத் தோன்றும். அடைப்பைப் பாருங்கள். கோழியின் இறக்கை வேறு, டெரோசரின் இறக்கை வேறு, தனித்தனியாக வந்தவை. கோழியோடு கடைசி அடைப்பில் நிற்பது, பறக்கவே தெரியாத டைரனோசரஸ்.